பட்டறை அதேதான், கம்பெனி புதுசு: கணக்கை மாற்றும்போது எங்கே சறுக்கும்?

தனி ஆளாக நடத்திய தொழிலைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றுகிறவர்களில் பெரும்பாலோர், கம்பெனியைப் பதிவு செய்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பெயருக்கு ஒப்புதல் வாங்கி, SPICe+ படிவத்தில் விண்ணப்பித்து, பதிவுச் சான்றிதழும் புது பான் எண்ணும் கைக்கு வந்ததும் போர்டை மாற்றிவிடுகிறார்கள். ஆனால் அன்றைய தேதியில் அந்தக் கம்பெனிக்கு ஒரு ஸ்பேனர்கூடச் சொந்தமில்லை. மெஷின், சரக்கு, வரவேண்டிய பாக்கி, வங்கிக் கடன் எல்லாம் இன்னும் உரிமையாளரின் சொந்தப் பெயரில்தான் இருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு நபர், கம்பெனி வேறொரு நபர். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தொழில் எப்படிப் போனது என்பதைக் காகிதத்திலும் கணக்கிலும் காட்டியாக வேண்டும்.

கோவையில் மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு லேத் பட்டறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மார்ச் 31 அன்று கணக்கை முடித்தபோது அதன் ஐந்தொகை இப்படி இருக்கிறது:

சொத்துகள்:
மெஷின்கள் (தேய்மானம் போக): ரூ.18,00,000
டெலிவரி வேன்: ரூ.4,00,000
சரக்கு: ரூ.9,50,000
வாடிக்கையாளர்களிடம் வரவேண்டியது: ரூ.14,00,000
ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவு: ரூ.60,000
வங்கி, ரொக்கம்: ரூ.1,90,000
மொத்தம்: ரூ.48,00,000

பொறுப்புகள்:
வங்கிக் கடன்: ரூ.16,00,000
சப்ளையர்களுக்குக் கொடுக்கவேண்டியது: ரூ.9,20,000
சம்பளம், மின்கட்டணம் பாக்கி: ரூ.80,000
உரிமையாளரின் மூலதனம்: ரூ.22,00,000
மொத்தம்: ரூ.48,00,000

இதில் கடைசி வரிதான் விஷயமே. மெஷின் மெஷினாகவே கம்பெனிக்குப் போகும், கடன் கடனாகவே போகும். மூலதனம் மட்டும் அப்படியே போகாது. கம்பெனியில் உரிமையாளருக்கு மூலதனக் கணக்கு என்று ஒன்று கிடையாது. அந்த 22 லட்சம் வேறொன்றாக மாறியாக வேண்டும். எதுவாக மாறுகிறது என்பதைப் பொறுத்துத்தான் இது வரியில்லாத மாற்றமா, வரி கட்டவேண்டிய விற்பனையா என்பது முடிவாகும்.

22 லட்சம் எதுவாக மாறவேண்டும்?

தனி உரிமையாளர் தன் தொழிலைக் கம்பெனிக்குக் கொடுத்தால் அதை மூலதன ஆதாயத்துக்குரிய விற்பனையாகக் கருதவேண்டியதில்லை என்று 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், 47-ஆம் பிரிவின் 14-ஆம் உட்பிரிவில் சொல்கிறது. (2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால் பிரிவு எண் வேறு, ஆடிட்டரிடம் புது எண்ணைக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.) சலுகைக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. தொழிலுக்குரிய சொத்துகள், கடன்கள் அத்தனையும் கம்பெனிக்குப் போகவேண்டும். உரிமையாளர் கையில் குறைந்தது 50 சதவீத வாக்குரிமை உள்ள பங்குகள் இருக்கவேண்டும், அது 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் நீடிக்கவேண்டும். தொழிலைக் கொடுத்ததற்குப் பதிலாக அவர் பங்குகளைத் தவிர வேறெந்தப் பலனையும், நேராகவோ மறைமுகமாகவோ, பெறக்கூடாது.

மூன்றாவது நிபந்தனையில்தான் பலரும் சிக்குகிறார்கள். கம்பெனியைச் சின்ன அளவில், 5 லட்சம் ரூபாய் பங்கு மூலதனத்தோடு தொடங்குவார்கள். மூலதனத்தில் 5 லட்சத்துக்குப் பங்கு கொடுத்துவிட்டு, மீதி 17 லட்சத்தை ‘டைரக்டர் கொடுத்த கடன்’ என்று எழுதிவிடுவார்கள். ஐந்தொகை கச்சிதமாகச் சமப்படும். ஆனால் அந்த 17 லட்சத்தை அவர் என்றைக்கு வேண்டுமானாலும் கம்பெனியிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அது பங்கு அல்லாத பலன். சலுகை உங்களுக்குப் பொருந்தாது என்று வரி அதிகாரி சொல்ல அந்த ஒரு வரி போதும்.

இதைக் கேட்டதும் உரிமையாளர்களுக்கு வரும் கவலை நியாயமானதுதான். “மொத்தத்தையும் ஷேராப் போட்டுட்டா, நாளைக்கு ஒரு அவசரம்னா நான் எங்கேங்க சார் போறது?” என்று ஆடிட்டரிடம் கேட்பார்கள். உண்மை என்னவென்றால், கம்பெனியான பிறகு முன்போல வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் கைவைக்க முடியாது. டைரக்டராகச் சம்பளம் வாங்கலாம், டிவிடெண்ட் எடுக்கலாம், பட்டறைக் கட்டடம் சொந்தமென்றால் கம்பெனியிடம் வாடகை வாங்கலாம். மாற்றத்துக்குப் பிறகு தன் சொந்தச் சேமிப்பிலிருந்து கம்பெனிக்குப் புதிதாகக் கடன் கொடுத்தால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அது தொழிலுக்கு ஈடாக வந்தது அல்ல. தொழிலிலிருந்து பணம் எடுத்தே ஆகவேண்டுமென்றால் மாற்றும் தேதிக்கு முன்பே நிஜமாக எடுத்துவிடவேண்டும். மூலதனம் அந்த அளவுக்குக் குறையும், மீதிக்கு முழுவதும் பங்கு வாங்கிக்கொள்ளலாம்.

நம் உதாரணத்தில் கம்பெனியை 25 லட்சம் ரூபாய் அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தோடு பிப்ரவரியிலேயே பதிவு செய்கிறார்கள். உரிமையாளரும் மனைவியும் ஆளுக்கு 5,000 பங்குகள், பங்கு 10 ரூபாய் வீதம், ரொக்கமாகப் பணம் போட்டு எடுக்கிறார்கள். அந்த 1 லட்சம் கம்பெனியின் புது வங்கிக் கணக்கில் விழுந்ததும், தொழில் தொடங்குவதற்கான INC-20A அறிவிப்பைத் தாக்கல் செய்கிறார்கள். அது போடாமல் கம்பெனி வியாபாரத்தில் இறங்கக்கூடாது. ஏப்ரல் 1 அன்று தொழில் கைமாறும்போது உரிமையாளருக்கு மேலும் 2,20,000 பங்குகள் கிடைக்கின்றன. மொத்தம் 2,30,000 பங்குகளில் 2,25,000 அவருடையவை. கிட்டத்தட்ட 98 சதவீதம். நாளைக்கு மகனுக்கோ வெளி முதலீட்டாளருக்கோ பங்கு கொடுத்தாலும் 5 ஆண்டுகளுக்குள் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். இறங்கினால், முன்பு விட்டுக்கொடுத்த ஆதாயத்துக்கு அந்த ஆண்டில் கம்பெனி வரி கட்டவேண்டும்.

ரொக்கம் அல்லாத ஒன்றுக்கு ஈடாகப் பங்கு கொடுப்பதால் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். பட்டறையின் நிகர மதிப்பு 22 லட்சத்துக்குக் குறைவு என்று அவர் சொன்னால் அத்தனை பங்கு கொடுக்க முடியாது; முகமதிப்புக்குக் குறைத்துப் பங்கு வெளியிடக் கம்பெனிச் சட்டம் இடம் தராது. அதனால் பங்கு எண்ணிக்கையை எழுதும் முன்பே மதிப்பீட்டை வாங்கிவிடவேண்டும். பங்கு ஒதுக்கிய விவரம் PAS-3 படிவத்தில், தொழிலை ஒப்படைத்த ஒப்பந்தத்தோடு சேர்ந்து போகிறது.

கைமாற்றும் முன் கணக்கைச் சுத்தம் செய்தல்

மேலே காட்டிய 22 லட்சம் முதல் நாளே கிடைத்த எண் அல்ல. கணக்குப் புத்தகத்தில் மூலதனம் 25,05,000 என்று இருந்தது. அதில் எது தொழிலுக்குரியது, எது வீட்டுக்குரியது என்று பிரித்ததும் மூன்று இடங்களில் குறைந்தது.

முதலாவது, டி.டி.எஸ். பிடித்தமாக வரவேண்டிய 35,000. வாடிக்கையாளர்கள் பிடித்த இந்த வரி உரிமையாளரின் சொந்தப் பான் எண்ணில் கட்டப்பட்டது. அவருடைய சொந்த வருமான வரிக் கணக்கில்தான் அதைக் கழிக்க முடியும். கம்பெனியின் ஐந்தொகைக்குக் கொண்டுபோனால் அது வசூலாகாத சொத்தாகக் கிடக்கும். இரண்டாவது, வீட்டு மனைக்குக் கொடுத்த 2 லட்சம் முன்பணம். பட்டறையின் கரண்ட் அக்கவுண்டிலிருந்து போனதால் புத்தகத்தில் ஏறிவிட்டது. தொழிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவது, சரக்கு. மார்ச் 31 மாலை லேத்துகளை நிறுத்திவிட்டு ரேக் ரேக்காக எண்ணினார்கள். புத்தகத்தில் 10,20,000 என்றிருந்தது. எண்ணி வந்தது 9,50,000. இரும்பு ராடுகளில் வெட்டித் தேய்ந்து ஸ்கிராப்பாகப் போனதை யாரும் மாதாமாதம் கழிக்கவில்லை. எண்ணும்போது இன்னொன்றையும் ஒதுக்கிவைத்தார்கள். ஜாப் ஒர்க்குக்காக வாடிக்கையாளர் அனுப்பிய வார்ப்புகள் ஒரு மூலை முழுக்க இருந்தன. அவை பட்டறையில் கிடந்தாலும் பட்டறையின் சரக்கு அல்ல. டெலிவரி சலானைப் பார்த்து அவற்றுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். 70,000 ரூபாய்க் குறைவை மார்ச் கணக்கிலேயே, உரிமையாளரின் லாபத்தில் கழித்தார்கள். இந்தப் பழைய குறையைக் கம்பெனி தலையில் கட்டினால், முதல் ஆண்டு ஆடிட்டிலேயே சரக்கு இடிக்கும்.

கட்டடம் இந்தப் பட்டியலில் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். நிலமும் கட்டடமும் தொழில் புத்தகத்தில் இருந்தால் அதுவும் கம்பெனிக்குப் போயாகவேண்டும். ‘எல்லாச் சொத்தும்’ என்ற நிபந்தனை அதை விடாது. நிலம் கைமாறப் பத்திரம் பதியவேண்டும், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்டவேண்டும். நம் பட்டறை இருக்கும் இடம் ஆரம்பத்திலிருந்தே உரிமையாளரின் தனிச் சொத்து, தொழில் கணக்கில் ஏறியதே இல்லை. அதனால் கம்பெனி அவரிடம் வாடகை ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது. நிலம் புத்தகத்தில் உள்ளவர்கள் மாற்றத்தைத் தொடங்கும் முன்பே ஆடிட்டரோடும் வக்கீலோடும் இதைப் பேசி முடிவெடுப்பது நல்லது.

புத்தகத்தில் ஏறாத கடனும் உண்டு. 15 வருடம் வேலை பார்த்த ஃபிட்டருக்குச் சேர்ந்திருக்கும் கிராஜுவிட்டி அப்படிப்பட்டது. தொழிலாளர்களின் பழைய சேவைக் காலத்தைக் கம்பெனி ஏற்றுக்கொள்கிறது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடவேண்டும்.

‘ஓப்பனிங் பேலன்ஸ்’ என்று தட்டினால் என்ன ஆகும்?

இனி கணக்காளர் மேஜைக்கு வருவோம். டாலியில் புதுக் கம்பெனியை உருவாக்கி, பழைய ஐந்தொகையைப் பார்த்து ஒவ்வொரு லெட்ஜரிலும் ஓப்பனிங் பேலன்ஸைத் தட்டிவிடுவதுதான் வழக்கம். ஆனால் இந்தக் கம்பெனி பிறந்தது பிப்ரவரியில். அதன் முதல் வரவு பங்குதாரர்கள் போட்ட 1 லட்சம், முதல் செலவு பதிவுக் கட்டணம். லேத் மெஷினுக்கு 18 லட்சம் ஓப்பனிங் என்று எழுதினால், பிறந்த அன்றே கம்பெனியிடம் மெஷின் இருந்ததாகப் பொருள். ஒப்பந்தமோ ஏப்ரல் 1 என்கிறது. இதைத் தவிர்க்க ஏப்ரல் 1-ஐப் புத்தகத் தொடக்கமாக வைத்தால், பிப்ரவரி, மார்ச் வரவு செலவுகள் கணக்கில் இல்லாமலே போய்விடும்.

ஆகவே கம்பெனியின் புத்தகம் பதிவான நாளிலிருந்தே தொடங்கட்டும். பழைய தொழிலின் இருப்புகள் ஏப்ரல் 1 தேதியிட்ட பதிவுகளாக உள்ளே வரட்டும். மெஷின், வேன், சரக்கு, பாக்கிதாரர்கள், வங்கி, ரொக்கம், வரி வரவு ஆகியவை பற்று. வங்கிக் கடன், சப்ளையர்கள், சம்பள பாக்கி ஆகியவை வரவு. மீதி வரும் 22 லட்சம் உரிமையாளர் பெயரிலான ‘தொழில் கையேற்பு’ கணக்கில் வரவு. பங்கு ஒதுக்கும் போர்டு தீர்மானம் நிறைவேறிய அன்று அந்தக் கையேற்புக் கணக்கில் 22 லட்சம் பற்று, பங்கு மூலதனத்தில் 22 லட்சம் வரவு. கையேற்புக் கணக்கு பூஜ்யமாகிவிடவேண்டும். அதில் ஒரு ரூபாய் மிச்சம் நின்றாலும் உரிமையாளருக்குக் கம்பெனி ஏதோ பாக்கி வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சரக்கை மட்டும் ஜர்னலில் எழுதினால் போதாது. டாலியில் சரக்குக் கணக்கை நிதிக் கணக்கோடு இணைத்திருப்பவர்களுக்கு இருப்பின் மதிப்பு ஸ்டாக் பட்டியலிலிருந்துதான் வரும். எண்ணிக்கையை மட்டும் உள்ளே ஏற்றி, அதற்கு ஈடான 9,50,000-ஐச் செலவுப் பக்கம் காட்டாவிட்டால், முதல் மாத மொத்த லாபம் அந்த அளவுக்கு வீங்கித் தெரியும். சரக்குக்குத் தனியாக ஒரு சொத்து லெட்ஜரும் திறந்து பற்று வைத்தால், ஐந்தொகையில் அதே சரக்கு இரண்டு முறை வரும். கையேற்புக் கணக்கைச் சப்ளையராக வைத்து, ‘கையேற்ற சரக்கு’ என்ற தனிக் கொள்முதல் லெட்ஜரில், வரியில்லாமல், ஐட்டம் வாரியாக ஒரு கொள்முதல் பதிவு போட்டால் எண்ணிக்கையும் மதிப்பும் ஒன்றாக உள்ளே வந்துவிடும். ஏப்ரல் மாத மொத்த லாப விகிதத்தைப் போன ஆண்டின் விகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காரணமில்லாமல் எகிறியிருந்தால் முதலில் இந்தப் பதிவைத்தான் சோதிக்கவேண்டும்.

வரவேண்டிய 14 லட்சத்தை ஒரே தொகையாக எழுதக்கூடாது. வாடிக்கையாளர் வாரியாக, பில் வாரியாக, பழைய பில் எண்ணோடும் தேதியோடும் ஏற்றவேண்டும். இல்லையென்றால் மே மாதம் வரும் காசோலை எந்தப் பில்லுக்கு என்று தெரியாது. எந்த லெட்ஜரிலாவது ஓப்பனிங் தொகை தெரியாமல் ஏறிவிட்டால், டாலி ஐந்தொகையில் `Difference in opening balances` என்ற வரியைக் காட்டும். அந்த வரி தெரிந்தால், சமப்படுத்த ஒரு சஸ்பென்ஸ் லெட்ஜரைத் திறக்காதீர்கள். எந்த லெட்ஜர் என்று தேடி எடுங்கள்.

மெஷின்களை மார்ச் 31-இல் இருந்த தேய்மானம் போன மதிப்புக்கே எடுக்கவேண்டும். கம்பெனிக்குப் போகிறதே என்று 18 லட்சத்தை 25 லட்சமாகக் கூட்டி எழுதி அதிகத் தேய்மானம் கேட்டால் வரி அதிகாரி மறுக்கலாம். ஆண்டின் நடுவில் மாற்றினால் அந்த ஆண்டுத் தேய்மானத்தை உரிமையாளருக்கும் கம்பெனிக்கும் நாள் கணக்கில் பிரிக்கவேண்டும். ஏப்ரல் 1-ஐத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பிரிவினையே வராது.

பழைய புத்தகத்திலும் எதிர்ப் பதிவு வேண்டும். அங்கே ஒவ்வொரு சொத்தும் கடனும் கம்பெனிக்குப் போனதாக எழுதி மூடினால், உரிமையாளரிடம் மிஞ்சுவது 2,20,000 பங்குகள் மட்டுமே. இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றில் வெளியேறிய ஒவ்வொரு எண்ணும் மற்றொன்றில் அதே தொகையாக உள்ளே வந்திருக்கவேண்டும்.

அந்த 60,000 ரூபாய்

ஜி.எஸ்.டி. வரவு ஜர்னல் எழுதுவதால் மட்டும் கைமாறாது. பான் மாறுவதால் கம்பெனிக்குப் புது ஜி.எஸ்.டி. எண் வேண்டும், ஏப்ரல் 1-க்கு முன்பே அது கையில் இருக்கவேண்டும். நடந்துகொண்டிருக்கும் தொழிலை முழுதாகக் கொடுப்பதற்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, ஆகவே மெஷினுக்கும் சரக்குக்கும் வரி போட்டுப் பில் எழுதவேண்டியதில்லை. ஆனால் பழைய எண்ணில் மிச்சமிருக்கும் 60,000 வரவைக் கொண்டுவர, பழைய எண்ணின் போர்ட்டலில் ITC-02 படிவம் போடவேண்டும். கடன்களையும் சேர்த்தே தொழில் கைமாறியது என்று ஆடிட்டர் சான்று தரவேண்டும். அதன் பிறகு கம்பெனி தன் போர்ட்டலுக்குள் போய் அதை ஏற்கவேண்டும். ஏற்கும் வரை அந்தப் பணம் கம்பெனியின் கிரெடிட் லெட்ஜரில் ஏறாது.

இங்கே வரிசைதான் முக்கியம். மார்ச் மாத ரிட்டர்னைப் பழைய எண்ணில் தாக்கல் செய்யுங்கள். மிச்சமான வரவை ITC-02 மூலம் மாற்றுங்கள். கம்பெனி ஏற்றுக்கொண்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பழைய எண்ணை ரத்து செய்ய விண்ணப்பியுங்கள். ரத்தான பிறகு GSTR-10 என்ற இறுதி ரிட்டர்ன் ஒன்று பாக்கி இருக்கும்; அதற்கு 3 மாத அவகாசம். அவசரப்பட்டு முதலில் ரத்து செய்தவர்களுக்கு வரவை மீட்பது பெரும்பாடு. ஏப்ரலில் சப்ளையர் யாராவது பழைய எண்ணுக்கே பில் போட்டிருந்தால் அந்த வரியைக் கம்பெனி எடுக்க முடியாது. பழைய எண்ணின் GSTR-2B-யைத் திறந்து பார்த்தால் அந்தப் பில் தெரிந்துவிடும். சப்ளையரிடம் சொல்லி உடனே திருத்தச் சொல்லுங்கள்.

மெதுவாக நகர்பவை

வங்கிக் கடன் கணக்குப் புத்தகத்தில் ஒரே நாளில் மாறிவிடும், வங்கியில் மாறாது. வங்கி கம்பெனியின் பெயரில் புதிதாக ஒப்புதல் கொடுத்து, கையெழுத்து வாங்கி, பழைய கணக்கை மூடவேண்டும். மெஷின் அடமானத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் CHG-1 படிவத்தில் 30 நாளுக்குள் பதியவேண்டும். மார்ச்சுக்கு முன்பே வங்கியிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் தேதி குறிக்கவே கூடாது. வேனுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றமும் இன்ஷூரன்ஸ் மாற்றமும் சேர்ந்தே நடக்கவேண்டும். கம்பெனி ஓட்டும் வேனுக்குப் பாலிசி தனி நபர் பெயரிலேயே இருந்தால் விபத்தின்போது க்ளெய்ம் சிக்கலாகும். உத்யம் பதிவு, மின் இணைப்பு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள் எல்லாம் தனித்தனியாக மாறவேண்டியவை.

வாடிக்கையாளர்களில் சிலர் கடிதம் போட்டும் சில மாதங்கள் பழைய வங்கிக் கணக்கிலேயே பணம் போடுவார்கள். அதனால் பழைய கரண்ட் அக்கவுண்டை அவசரப்பட்டு மூடவேண்டாம். விழுகிற பணத்தை அப்படியே கம்பெனிக் கணக்குக்கு மாற்றி, எந்தப் பில்லுக்கானது என்று இரண்டு புத்தகத்திலும் எழுதிவிடுங்கள். ஏப்ரலுக்குப் பிந்தைய கம்பெனிப் பில்லுக்கு யாராவது பழைய பானில் டி.டி.எஸ். பிடித்தால், அது உரிமையாளரின் வருமான வரிப் போர்ட்டலில் தெரியும். காலாண்டுக்கு ஒருமுறை அதைப் பார்த்து, வாடிக்கையாளரைத் திருத்தச் சொல்லவேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு கோப்பில் சேர்க்கவேண்டியவை இவை: மார்ச் 31 ஐந்தொகை, சரக்கு எண்ணிய பட்டியல், மதிப்பீட்டு அறிக்கை, ஒப்பந்தம், போர்டு தீர்மானம், PAS-3 ரசீது, ITC-02 ஏற்பு, வங்கியின் சம்மதக் கடிதம், 2,20,000 பங்குகளுக்கான சான்றிதழ். 5 ஆண்டு நிபந்தனை ஓடிக்கொண்டிருக்கும் வரை, எந்த ஆண்டு ஆடிட்டிலும் அந்த 22 லட்சம் எங்கே போனது என்ற கேள்வி எழலாம். பங்காக மட்டுமே போனது என்று இந்தக் கோப்பைத் திறந்த உடனே காட்ட முடிந்தால்தான் மாற்றம் ஒழுங்காக முடிந்திருக்கிறது.